மூலதனக் குறைப்புத் திட்டம்: பங்குதாரர்களுக்கான விளக்க அறிக்கை

நமது நிறுமத்தின் தற்போதைய செலுத்தப்பட்ட மூலதனம் ₹70,00,000. இதில் ₹10 வீதம் 5,00,000 நேர்மைப் பங்குகளும் ₹100 வீதம் 20,000 முன்னுரிமைப் பங்குகளும் அடங்கும். திரண்ட நட்டம் ₹22,40,000. ஏட்டில் நிற்கும் மூலதனத்துக்கு ஈடான சொத்து இன்று நம்மிடம் இல்லை. இந்த நட்டத்தை ஈடுகட்டாமல் பங்காதாயம் அறிவிக்கவும் வழியில்லை.

ஆகவே, நிறுமங்கள் சட்டம், 2013-இன் பிரிவு 66-இன்கீழ், நேர்மைப் பங்கொன்றின் மதிப்பை ₹4 ஆகவும் முன்னுரிமைப் பங்கொன்றின் மதிப்பை ₹75 ஆகவும் குறைக்க இயக்குநர் குழு பரிந்துரைக்கிறது. பங்குகளின் எண்ணிக்கை மாறாது. எவருக்கும் பணம் திருப்பித் தரப்படாது.

விடுவிக்கப்படும் தொகை நேர்மைப் பங்குகளில் ₹30,00,000, முன்னுரிமைப் பங்குகளில் ₹5,00,000. மொத்தம் ₹35,00,000 மூலதனக் குறைப்புக் கணக்கில் வரவு வைக்கப்பட்டு, பின்வருமாறு போக்கெழுதப்படும்:

இலாப நட்டக் கணக்கின் பற்று இருப்பு – ₹22,40,000
நற்பெயர் – ₹6,00,000
கடனீட்டுப் பத்திர வெளியீட்டுத் தள்ளுபடி – ₹1,00,000
தொடக்கச் செலவுகள் – ₹60,000
பொறி, இயந்திரத்தின் மிகை மதிப்பு – ₹5,00,000

இவற்றுள் கடனீட்டுப் பத்திர வெளியீட்டுத் தள்ளுபடியும் தொடக்கச் செலவுகளும் வெறும் கற்பனைச் சொத்துகள். விற்றால் ஒரு ரூபாயும் தேறாது. நற்பெயரும் தொடர் நட்டத்தில் பொருளிழந்துவிட்டது. சுமையின் பெரும்பகுதி நேர்மைப் பங்குதாரர்மேல் விழுவதை மறைக்கவில்லை. இடரை ஏற்று வந்தவர்கள் என்பதே காரணம்.

கடனீந்தோர் உரிமைகள் பாதிக்கப்படா. முன்னுரிமைப் பங்குதாரர்களின் இசைவு தனிக் கூட்டத்தில் கோரப்படும். சிறப்புத் தீர்மானம் நிறைவேறி, தேசிய நிறுமச் சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு உறுதிசெய்து, அந்த ஆணையை நிறுமப் பதிவாளர் பதிவுசெய்த பின்னரே திட்டம் நடைமுறைக்கு வரும்.

இயக்குநர் குழுவின் ஆணைப்படி,
நிறுமச் செயலர்