நாளை ஊருக்குள் போகுமுன்

எல்லோரும் வந்தாச்சா? சரி, டேப்லெட்டைக் கொஞ்சம் மூடி வையுங்கள். வீடு வீடாகப் போய் எடுக்கப்போகும் கணக்கெடுப்பின் கேள்வித்தாளை மறுபடி வாசிக்கப் போவதில்லை.

நாளைக் காலை 7 மணிக்குப் பென்னாகரம் பேருந்து நிலையத்திலிருந்து வண்டி கிளம்பும். ஊராட்சி அலுவலகத்தில் கடிதம் கொடுப்பது என் பொறுப்பு. நீங்கள் நேரே உங்கள் பட்டியலில் உள்ள வீடுகளுக்குப் போய்விடலாம்.

வாசலில் நிற்கும்போதே, "இதுல எழுதினா ஆயிரம் ரூபாய் வருமா?" என்று கேட்பார்கள். மகளிர் உரிமைத் தொகை கிடைக்காத வீடுகளில் கட்டாயம் கேட்பார்கள். "பார்க்கலாம்மா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்னால் அவர்கள் சொல்லும் பதிலில் மாடும் இருக்காது, வண்டியும் இருக்காது, நிலம் பங்காளிக்குப் போயிருக்கும்! "இதனால் புதிதாக எதுவும் வராது, இப்போது வருவதும் நிற்காது" என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகும் பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள், மல்லுக்கட்ட வேண்டாம்.

அதிகம் சறுக்கும் இடம் சாப்பாட்டுப் பகுதி. "அரிசிக்கு எவ்வளவு செலவாச்சு?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லை" என்பார்கள். ரேஷன் அரிசி இலவசம், அவர்கள் சொல்வது சரிதான். நீங்கள் பூஜ்யம் போட்டால் அந்த வீட்டில் அரிசியே பொங்கவில்லை என்றாகிவிடும். முதலில் ஏழு நாளில் எத்தனை படி பொங்கினார்கள் என்று கேளுங்கள், கிலோவாக மாற்றிக்கொள்ளலாம். பிறகு அதில் ரேஷன் எவ்வளவு, கடையில் வாங்கியது எவ்வளவு, வயல்காட்டில் விளைந்தது எவ்வளவு என்று பிரியுங்கள். நம் மாவட்டத்தில் ரேஷனில் கேழ்வரகும் கொடுக்கிறார்கள், அதையும் விட்டுவிடாதீர்கள். ஏழு நாள் நினைவுக்கு வரவில்லை என்றால் சந்தை நாளைச் சொல்லி நினைவுபடுத்துங்கள். எண்ணை மட்டும் நீங்கள் எடுத்துக் கொடுக்கக் கூடாது.

ஒரே அடுப்பில் சாப்பிடுபவர்கள்தான் ஒரு குடும்பம். திருப்பூர் பனியன் கம்பெனியில் தங்கி வேலை செய்து, பொங்கலுக்கு மட்டும் வரும் மகன் உறுப்பினர் இல்லை. அவர் அனுப்பும் பணத்துக்குத் தனிப் பக்கம் இருக்கிறது.

அப்புறம் பூட்டிய வீடு. பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறதே என்று அங்கே நுழையாதீர்கள். பகலில் பூட்டியிருப்பது பெரும்பாலும் கூலி வேலைக்குப் போனவர்கள் வீடுதான். அவர்களை விட்டால் திண்ணையில் இருப்பவர்களின் கணக்குதான் நமக்கு மிஞ்சும். வேறு வேறு நேரத்தில் மூன்று முறை போங்கள், அதில் ஒன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மேல். மாற்று வீடு தேவையென்றால் நான் தருவேன்.

நூறு நாள் வேலைக் கேள்விக்கு வேலைக்குப் போன அம்மாவே பதில் சொல்லட்டும். வீட்டுக்காரர் குறுக்கிட்டால், "உங்களிடமும் கேட்கிறேன் அண்ணா" என்று பக்குவமாகச் சொல்லுங்கள். காலனியில் தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். குடிக்கத் தயங்குபவர்கள் இந்த வேலைக்கு வேண்டாம், இதை வெளிப்படையாகவே சொல்கிறேன்.

மலையோர ஊர்களில் சிக்னல் இருக்காது, படிவங்களை ராத்திரி இங்கே வந்து ஏற்றிக்கொள்ளலாம். பவர் பேங்க், அடையாள அட்டை இரண்டும் இப்போதே மேசையில் வாங்கிக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் கேளுங்கள், அடுத்து ஊர் வாரியாகப் பெயர் வாசிக்கிறேன்.