பம்பு ஷாஃப்ட் முறிவு ஆய்வறிக்கை: பட்டறைக்கான தமிழ் வடிவம்

மொழிபெயர்ப்பாளரின் முன்குறிப்பு

இந்த அறிக்கையைப் படிக்கப்போவது லேத்திலும் அசெம்பிளியிலும் நிற்பவர்கள். அதனால் மார்ட்டென்சைட், பெயரிங், கப்ளிங் போல நாவில் பழகிய சொற்களை அப்படியே விட்டேன். மாற்றிய சொற்களில் மூன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

உலோகத்தின் நுண்படிகங்களுக்கு அகராதி முதலில் தருவது 'தானியம்'. அது களஞ்சியத்தை நினைவூட்டும். நெல்மணி, மணல்மணி என்று நாம் சொல்வதுபோல இங்கே 'மணி' என்றே எழுதினேன். ஒரு மணி அடுத்த மணியைத் தொடும் இடம் 'மணி எல்லை'. திரும்பத் திரும்ப வரும் சுமையால், ஒரே தடவையில் முறிக்கப் போதாத அழுத்தத்திலும் விரிசல் விழுந்து வளர்வதற்கு 'அயர்வு' என்று வைத்தேன். தலைப்பில் 'தோல்வி' என்ற சொல் வரவே கூடாது என்று முடிவு செய்தேன். அது ஆளைக் குறிப்பதுபோல் ஒலிக்கும், இங்கே முறிந்தது தண்டு.

இன்னொன்றிலும் கவனமாக இருந்தேன். மூலம் 'ஒத்துப்போகிறது' என்று நிறுத்தும் இடத்தில் நான் 'நிரூபணமாகிறது' என்று எழுதவில்லை. அந்த ஒரு சொல்லில் யாரோ ஒருவர் மீது பழி விழலாம். சதுர அடைப்புக்குள் உள்ளவை என் குறிப்புகள்.

1. பின்னணி

தண்ணீர்ப் பம்பின் டிரைவ் ஷாஃப்ட், பெயரிங் அமரும் இடத்தை ஒட்டிய தோளில் இரண்டாக முறிந்தது. அங்கே விட்டம் 66 மி.மீ.யிலிருந்து 55 மி.மீ. ஆகக் குறைகிறது. வேகம் நிமிடத்துக்கு 1440 சுற்று. பழைய தண்டு தேய்ந்ததால் இது மாற்றுத் தண்டாகக் கடைந்து பொருத்தப்பட்டது. அன்றே கப்ளிங்கும் கழற்றி மாட்டப்பட்டது. அதற்குப்பின் நாளுக்கு 20 மணிநேரம் வீதம் 19 நாள் ஓடியது, அதாவது சுமார் 3.28 கோடி சுற்றுகள். நாளுக்கு ஒரு முறை பம்பு நிறுத்தப்பட்டது.

முறிந்த இரு துண்டுகளும் ஆய்வுக்கு வருமுன் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கப்பட்டிருந்தன. விளிம்பில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு நசுங்கி, அங்கிருந்த தடயம் போய்விட்டது. முறிந்த முகங்களை ஒருபோதும் சேர்த்துப் பார்க்கக் கூடாது. எண்ணெய் தடவி, தனித்தனியாகச் சுற்றி அனுப்ப வேண்டும். [மூலத்தில் இது ஒரே வரி. பட்டறைக்கு மிக வேண்டியது இதுதான் என்பதால் விரித்து எழுதினேன்.]

2. முறிவுப் பரப்பு

அசிட்டோனும் மென்மையான தூரிகையும் கொண்டு பரப்பு சுத்தம் செய்யப்பட்டது. வெறுங்கண்ணுக்கே மூன்று பகுதிகள் தெரிந்தன.

முதலாவது, தோளின் வளைவை ஒட்டிய விளிம்பு. நசுங்காத பகுதியில் ஏழு இடங்களில் விரிசல் தனித்தனியாகத் தொடங்கியிருக்கிறது. பக்கத்துப் பக்கத்து விரிசல்கள் வேறு வேறு மட்டத்தில் வளர்ந்து பிறகு இணையும்போது இடையில் சிறு படி உண்டாகும். அப்படிப்பட்ட படிகள், ரம்பத்தின் பற்களைப்போல, விளிம்பைச் சுற்றி நிற்கின்றன. ஒரே ஒரு பழுதான புள்ளியிலிருந்து முறிந்திருந்தால் இப்படி வராது. விளிம்பு முழுவதும் அழுத்தம் குவிந்ததைக் காட்டும் அடையாளம் இது.

இரண்டாவது, உள்நோக்கி நகரும் வழவழப்பான பகுதி. இதில் வில்போல் வளைந்த வரிகள் அடுத்தடுத்து உள்ளன. [அலை பின்வாங்கிய பிறகு மணலில் தங்கும் கோடுகளின் பெயரையே மூலம் இவற்றுக்கு வைத்திருக்கிறது. 'அலைத்தடம்' என்று எழுதுகிறேன்.] எண்ணக்கூடியவை 11. பம்பை நிறுத்தி மீண்டும் ஓட்டும்போது விரிசல் முனையில் ஏற்படும் மாற்றம் இப்படிப் பதிவதுண்டு. நிறுத்தங்கள் அதைவிட அதிகம் என்பது, முதல் சில நாள்களில் விரிசல் இன்னும் உருவாகிக்கொண்டிருந்தது என்பதோடு ஒத்துப்போகிறது.

மூன்றாவது, மையத்திலிருந்து சற்று ஒதுங்கிய சொரசொரப்பான பகுதி. கடைசி நொடியில் முறிந்தது இதுதான். இது மொத்தப் பரப்பில் சுமார் 12 விழுக்காடு. இவ்வளவு சிறிய பகுதி மிஞ்சும்வரை தண்டு தாங்கியிருக்கிறது என்றால், அதன்மேல் வந்த பொதுச்சுமை பெரியதல்ல. 'ஓவர்லோடில் போய்விட்டது' என்று முதலில் சொல்லப்பட்டதை இந்தப் பரப்பு ஆதரிக்கவில்லை.

ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கியில், கடைசிப் பகுதியில் இழுபட்டு அறுந்ததற்குரிய நுண்குழிகள் காணப்பட்டன. அயர்வுப் பகுதியில் விரிசல் மணிகளை ஊடறுத்துச் சென்றிருக்கிறது. மணி எல்லை வழியே பிரிந்த, கற்கண்டுக் கட்டிகளை அடுக்கியது போன்ற தோற்றம் எங்கும் இல்லை. ஆகவே ஹைட்ரஜனால் நொறுங்கியது, டெம்பரிங்கில் பதம் கெட்டு நொறுங்கியது ஆகிய இரண்டுக்கும் சான்று கிடைக்கவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றாகப் பதியும் நுண்வரிகள் கடைசிப் பகுதியின் அருகே சில திட்டுகளில் மட்டும் தெரிந்தன. டெம்பர் செய்த எஃகில் அவை தெளிவில்லாமல் இருப்பது வழக்கம் என்பதால் எண்ணப்படவில்லை.

3. உலோகமும் மணி அமைப்பும்

எஃகு எஸ்.ஏ.இ. 4140. கரி 0.41, மாங்கனீசு 0.86, குரோமியம் 0.97, மாலிப்டினம் 0.19 விழுக்காடு. எல்லாம் வரம்புக்குள்.

வெட்டி மெருகேற்றிய துண்டை 2 விழுக்காடு நைட்டலில் அரித்துப் பார்த்ததில், அமைப்பு டெம்பர் செய்த மார்ட்டென்சைட். மையத்தில் சிறிது பெய்னைட். முந்தைய ஆஸ்டனைட் மணிகளின் அளவு ஏ.எஸ்.டி.எம். ஈ112 முறைப்படி எண் 8, அதாவது சராசரி குறுக்களவு சுமார் 22 மைக்ரோமீட்டர். [எண் கூடக் கூட மணி சிறிதாகும். தலைகீழாகப் புரிந்துகொள்ள எளிதான இடம் இது.] மணிகள் நுண்மையாகவும் சீராகவும் இருப்பதால் ஹார்டனிங் வெப்பம் மிகையானதாகத் தெரியவில்லை. மேற்பரப்பில் கரி இழப்பு இல்லை. விரிசல் தொடங்கிய இடங்களில் பெரிய கசடுத் துகள்களும் இல்லை. கடினம் விளிம்பில் 30, மையத்தில் 28 எச்.ஆர்.சி. வரைபடம் கேட்பது 28 முதல் 32.

4. காரணம்

வரைபடத்தில் தோள் வளைவின் ஆரம் 2.5 மி.மீ. அளந்தபோது கிடைத்தது 0.5 மி.மீ. இந்த விட்டங்களுக்கு, வளைக்கும் சுமையில் அழுத்தக் குவிப்பு எண் சுமார் 1.9இலிருந்து 2.7 ஆக உயர்கிறது. அதோடு கப்ளிங் நேர்கோட்டில் இல்லாமல் இருந்ததாகக் கழற்றும்போது எழுதிய குறிப்பு சொல்கிறது. கோணல் நின்ற இடத்தில் நிற்க, தண்டு சுழல்வதால் அதன் மேற்பரப்பின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சுற்றில் ஒரு முறை இழுபட்டு ஒரு முறை அமுங்கும்.

முறிவு, சுழலும் தண்டில் வளைக்கும் சுமையால் வந்த அயர்வோடு ஒத்துப்போகிறது. சிறுத்துப்போன ஆரம் முதன்மைக் காரணம், கோணலான கப்ளிங் துணைக் காரணம் என்று கருதப்படுகிறது. [மூலம் ஆரத்தைச் சொல்கிறது, கடைந்தவரைச் சொல்லவில்லை. அவர் கையில் கொடுத்த வரைபட நகலில் அந்த அளவு இருந்ததா என்று அறிக்கை ஆராயவில்லை. வாசிப்பவர்களும் அதற்குமேல் ஒன்றைச் சேர்த்துப் படிக்க வேண்டாம்.]

5. பரிந்துரை

அடுத்த தண்டில் தோளின் ஆரத்தை ரேடியஸ் கேஜ் வைத்துச் சரிபார்த்த பிறகே பெயரிங் ஏற்ற வேண்டும். வளைவில் டூல் போன கோடு மிஞ்சாமல் மெருகேற்ற வேண்டும். பெயரிங்கின் உள்வளையம் 2.5 மி.மீ. வளைவோடு மோதாமல் தோளில் முழுதாக அமர்கிறதா என்று பார்க்க வேண்டும். மோதினால் ஆரத்தைக் குறைக்கக் கூடாது, இடையில் ஸ்பேசர் வளையம் போட வேண்டும். கப்ளிங் மாட்டியதும் டயல் கேஜில் அளந்து, அளவை எழுதி வைக்க வேண்டும். இதே வரைபடத்தில் கடைந்த தண்டு வேறு பம்பில் ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்தி, தோளை முதலில் மேக்னெட்டிக் பார்ட்டிக்கிள் சோதனைக்கு அனுப்பவும்.