மார்ச் 18 சந்திப்பு: தமிழ்–ஜப்பானிய மொழிபெயர்ப்புப் பணி உறுதி, முன்விளக்கம்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். வெள்ளிக்கிழமை தொலைபேசியில் பேசியபடி, மார்ச் 18, புதன்கிழமை எங்கள் தொழிற்சாலையில் ஜப்பானிய வாடிக்கையாளர்களுடன் நடக்கும் சந்திப்புக்குத் தாங்கள் மொழிபெயர்ப்பாளராக வருவதை இந்தக் கடிதத்தின் மூலம் உறுதி செய்கிறேன். தாங்கள் அனுப்பிய கட்டண விவரத்தை அப்படியே ஏற்றுக்கொண்டோம். பாதித் தொகை முன்பணமாக இந்த வாரமே வந்துவிடும். சந்திப்பு மாலை 4.30-ஐத் தாண்டினால் தாங்கள் குறிப்பிட்ட மணிக்கணக்கில் கூடுதல் தொகை சேரும். நாங்களே தேதியை மாற்றினால் முன்பணத்தைத் திருப்பிக் கேட்க மாட்டோம்.

கடிதம் நீளமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு இதே விருந்தினர்கள் வந்தபோது ஆங்கிலத்தை நடுவில் வைத்துச் சமாளித்தோம். அவர்கள் ஜப்பானிய மொழியில் பேச, அவர்கள் பக்கத்து ஒருவர் அதை ஆங்கிலமாக்க, நான் அதைத் தமிழில் எங்கள் நிர்வாக இயக்குநரிடம் சொன்னேன். அவர்கள் சொல்லுக்குச் சொல் “ஹாய்” என்று தலையசைத்ததை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள்’ என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை என்பது மூன்று வாரம் கழித்து அவர்கள் கடிதம் வந்தபோதுதான் புரிந்தது. அதற்குள் ஒரு அச்சு செய்யக் கொடுத்திருந்தோம். தவறு என்னுடையது. ஆகவே இந்த முறை தங்களிடம் எதையும் கடைசி நிமிடத்துக்கு வைக்கப் போவதில்லை.

என்ன பேசப் போகிறோம்

நாங்கள் அவர்களுடைய கியர் பெட்டிக்கு ஒரு சுழல்தண்டு செய்து கொடுக்கிறோம். அதில் பேரிங் அமரும் இடங்கள் மூன்று. மூன்றிலும் ரன்-அவுட், அதாவது தண்டைச் சுழற்றும்போது அது எவ்வளவு அலைகிறது என்ற அளவு, 0.02 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது வரைபடம். முதல் இரண்டு இடங்களில் எங்களுக்குச் சிக்கல் இல்லை. மூன்றாவது இடம், ஹார்டனிங் செய்தபின் வளைந்து, சில தண்டுகளில் 0.03 வரை போய்விடுகிறது. அந்த ஒரு இடத்துக்கு மட்டும் 0.03 என்று தளர்த்தித் தர முடியுமா என்று கேட்கப் போகிறோம். அவர்களுடைய தர ஆய்வுப் பொறியாளர் எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார் என்பது என் கணிப்பு. வடிவமைப்புப் பொறியாளர் ஒப்புக்கொள்ளலாம். அவர்கள் இருவரும் ஒரே கருத்தில் இல்லை என்றால் அது பேச்சின் தொனியில்தான் தெரியும். சொற்களோடு தொனியையும் எங்களுக்குத் தர வேண்டுகிறேன். தயங்கிச் சொன்னால் தயங்கியே சொல்லுங்கள், அழகுபடுத்த வேண்டாம்.

இரண்டாவது, அடுத்த நிதியாண்டுக்கான எண்ணிக்கை. மூன்றாவது, விலை. எங்கள் கடைசி விலை என்ன என்பதைத் தங்களுக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். நம்பிக்கைக் குறைவு அதற்குக் காரணமல்ல. தெரியாத ஒன்று குரலிலும் முகத்திலும் கசியாது என்பதால்தான். மற்றபடி இந்தப் பேச்சில் எங்களுக்கு எது வேண்டும், எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதை இணைப்பில் எழுதியிருக்கிறேன்.

வருபவர்கள் நால்வர்: கொள்முதல் பிரிவுத் தலைவர், தர ஆய்வுப் பொறியாளர், வடிவமைப்புப் பொறியாளர், ஓர் இளம் அலுவலர். இளம் அலுவலருக்கு ஆங்கிலம் நன்றாக வரும். நம்மவர்கள் அவரைப் பார்த்தே ஆங்கிலத்தில் பேசத் தொடங்கிவிடும் ஆபத்து இருக்கிறது. அப்படி நடந்தால் பேச்சை நிறுத்தி மேசைக்கு இழுத்து வாருங்கள். எங்கள் பக்கம் நிர்வாக இயக்குநர், உற்பத்தி மேலாளர், தரப் பிரிவு மேற்பார்வையாளர், நான்.

மொழிச் சிக்கல்கள், என் அறிவுக்கு எட்டியவரை

தங்களுக்குத் தெரியாததை நான் சொல்லிவிட முடியாது. ஆனால் எங்கள் பக்கத்தார் பேசும் விதம் எனக்குத் தெரியும்.

முதலில் எண்கள். நாங்கள் லட்சத்தில் நினைக்கிறோம், அவர்கள் பத்தாயிரத்தை, அதாவது ‘மான்’ என்பதை, அலகாக வைத்து எண்ணுகிறார்கள். எங்கள் ஒரு லட்சத்து இருபதாயிரம் அவர்களுக்குப் பன்னிரண்டு மான். ஒரு கோடி ஆயிரம் மான், பத்துக் கோடி ஒரு ‘ஓகு’. பேச்சு வேகத்தில் இதை மனத்தில் மாற்றச் சொல்வது அநியாயம். வெள்ளைப் பலகை வைத்திருக்கிறோம். எண் வந்தவுடன் யார் பேசினாலும் எழுந்து அங்கே எழுதிவிட வேண்டும் என்று எங்கள் பக்கம் சொல்லிவிட்டேன், அவர்களுக்கும் கடிதம் போயிருக்கிறது. எழுதிய பின்பே தாங்கள் சொல்லலாம்.

அடுத்தது ‘நாம்’. எங்கள் நிர்வாக இயக்குநர் மனம் நெகிழ்ந்தால் “அந்தச் செலவை நாம் பார்த்துக்கொள்ளலாம்” என்பார். அது எங்கள் நிறுவனமா, இரு நிறுவனமும் சேர்ந்தா? தமிழில் நாமும் நாங்களும் வேறு வேறு. ஜப்பானிய மொழியில் அப்படி ஒரு பிரிவு இல்லை என்று தாங்களே சொன்னீர்கள். இது எங்களுக்குப் பணம் போகும் இடம். அவர் ‘நாம்’ என்று சொல்லும்போதெல்லாம் தயவுசெய்து நிறுத்தி, “இரு தரப்புமா, நீங்கள் மட்டுமா?” என்று அவரிடமே கேளுங்கள். மற்றவர் முன்னிலையில் கேட்டாலும் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், நான் முன்பே பேசிவிட்டேன்.

அவர் வாக்கியங்களும் நீளமானவை. அரை நிமிடம் பேசிவிட்டுக் கடைசியில் “...என்று சொல்லிவிட முடியாது” என்று முடிப்பார். இரு மொழியிலும் வினை கடைசியில்தான் வருகிறது என்றாலும், அவர் முடிக்கும் முன் மொழிபெயர்க்கத் தொடங்கினால் பொருள் தலைகீழாகிவிடலாம். ஆகவே இடைவெளி விட்டுப் பேசும் தொடர்முறை மொழிபெயர்ப்பே போதும், உடனுக்குடன் பேசுவது வேண்டாம். பழமொழி சொல்லத் தொடங்கினால் பொருளை மட்டும் சொல்லிவிடுங்கள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது அவருக்குப் பிடித்தது, எப்படியும் ஒரு முறை வரும்.

அவர்கள் பக்கம் ‘முஸுகஷீ’ என்று வந்தால் கடினம் என்று மட்டும் சொல்லாதீர்கள். அது பல நேரம் ‘முடியாது’ என்பதன் மரியாதையான வடிவம் என்று தாங்கள் விளக்கியதை எங்கள் பக்கம் சொல்லி வைத்திருக்கிறேன். சொல்லைச் சொல்லிவிட்டு, “இது மறுப்பாக இருக்கலாம், கேட்டுத் தெளிவுபடுத்தலாமா?” என்று மொழிபெயர்ப்பாளராக ஒரு வரி சேர்க்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அந்த வரியை அவர்களிடமும் அவர்கள் மொழியில் சொல்லிவிடுங்கள், ஒளிவுமறைவு வேண்டாம். ‘பரிசீலிக்கிறோம்’ என்பதற்கும் இதே முறைதான்.

தொழில் சொற்களில் நாற்பத்து மூன்று இணைப்பில் இருக்கின்றன. நாங்கள் பேசும்போது வருவது புத்தகத் தமிழ் அல்ல: டாலரன்ஸ், கேஜ், ரீவொர்க், சாம்பிள் என்றுதான் வரும். வெட்டிய விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் உலோக முனைக்கு நாங்கள் பிசிறு என்போம், அவர்கள் ‘பரி’ என்பார்களாம். சென்ற முறை ஒரு மணி நேரம் இதற்கே போனது, யாருக்கும் தெரியாமல். உருக்கின் பெயரிலும் கவனம்: நாங்கள் ஈ.என்.8 என்பதும் அவர்கள் எஸ்45சி என்பதும் நெருங்கிய உறவினர்கள்தான், ஆனால் ஒன்று அல்ல. ஒன்றை மற்றொன்றாக மாற்றிச் சொல்லாமல் கேட்டதை அப்படியே சொல்லுங்கள்.

நடைமுறை

தாங்கள் பேசும்போது ‘நான்’ என்றே பேசுங்கள், ‘அவர் சொல்கிறார்’ வேண்டாம். தங்கள் சொந்தக் கருத்தாக ஏதேனும் சொன்னால் மட்டும் ‘மொழிபெயர்ப்பாளர் கேட்கிறார்’ என்று தொடங்கினால் குழப்பம் வராது. அறையில் உரக்கப் பேசப்படுவது எல்லாம் மொழிபெயர்க்கப்படும் என்பதை இரு தரப்புக்கும் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுகிறேன். தனியே பேச விரும்புகிறவர்களுக்குப் பக்கத்து அறை திறந்திருக்கும். அதனால் தாங்கள் ஒற்றராகவோ காவலராகவோ இருக்க வேண்டியதில்லை.

காலை 10 மணிக்குத் தொடங்கி 12.30 வரை மேசைப் பேச்சு, நடுவில் இரண்டு இடைவேளை. 12.30 முதல் 2 வரை உணவு. இதில் ஒரு பிழையைக் கண்டிருக்கிறேன்: மொழிபெயர்ப்பாளரை விருந்து மேசையில் உட்கார வைத்துவிட்டு எல்லோரும் சாப்பிடுவார்கள், அவர் மட்டும் பேசிக்கொண்டிருப்பார். தங்களுக்கு 12.30-க்குத் தனி அறையில் சாப்பாடு. விருந்து மேசைக்கு 1.15-க்கு வந்தால் போதும், அதுவரை இளம் அலுவலரின் ஆங்கிலம் எங்களைக் காப்பாற்றட்டும்.

2 முதல் 3 வரை தொழிற்கூடம். இயந்திரங்கள் ஓடும்போது அருகில் நிற்பவர் குரலே கேட்காது, கத்தவும் வேண்டாம். ஒவ்வொரு பகுதிக்கும் வெளியே நின்று முதலில் பேசி முடித்துவிட்டு உள்ளே போவோம். கழுத்தில் மாட்டும் ஒலிவாங்கியும் நால்வருக்கும் காதுக்கருவிகளும் ஏற்பாடு செய்திருக்கிறோம். 3.15 முதல் 4.30 வரை முடிவுகள். இந்தக் கடைசி நேரம்தான் முக்கியம், அப்போது எல்லோரும் களைத்திருப்பார்கள். தங்களுடைய சக மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பிற்பகலில் மாற்றாக வர முடியுமா என்று கேட்டிருந்தேன். முடியும் என்றால் அவருக்கும் இதே விதிமுறைகள், இதே இணைப்புகள். சரியான தகவலை இந்த வாரப் புதன் இரவுக்குள் சொல்லிவிடுங்கள்.

முடிவுகளை நான் ஒரு தாளில் எழுதி, தாங்கள் அதை ஜப்பானிய மொழியில் வாசித்து, இரு தரப்பும் ‘ஆம்’ என்று வாயால் சொன்ன பின்பே கையொப்பம் இடுவோம். தலையசைப்பு கணக்கில் சேராது, எங்களுடையதும் சேராது.

சந்திப்புக்கு முன்: இரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டு அனுப்பியதும் வரைபடமும் சென்ற கூட்டக் குறிப்பும் நிர்வாக இயக்குநரின் வரவேற்புரையும் வரும். மார்ச் 16, திங்கள் மாலை 5 மணிக்கு முக்கால் மணி நேரம் தொலைபேசியில் பேசலாம், கேள்விகளைச் சேர்த்து வையுங்கள். மறுநாள் 17-ஆம் தேதி பிற்பகல் 3 மணிக்கு நேரில் வந்து தொழிற்கூடத்தை ஒருமுறை சுற்றிப் பாருங்கள், தண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். அந்த நேரத்துக்கும் கட்டணம் உண்டு, அதைப் பேரம் பேச வேண்டாம்.

18-ஆம் தேதி காலை 8.15-க்கு வாகனம் தங்கள் வீட்டுக்கு வரும். ஓட்டுநரிடம் தங்கள் எண்ணைக் கொடுத்திருக்கிறேன், வாயிலில் நான் காத்திருப்பேன்.

அன்புடன்,
வாடிக்கையாளர் தொடர்பு மேலாளர்

இணைப்புகள்: நிகழ்ச்சி நிரல், எங்கள் தேவைகளின் குறிப்பு, சொற்பட்டியல், இரகசியக் காப்பு ஒப்பந்தம்