ஏழாம் வகுப்பு மாணவனின் வகுப்பறை இடையூறு: நேர்வு ஆய்வு

திருப்பூர் மாவட்ட அரசு உயர்நிலைப் பள்ளி, 2024–25 கல்வியாண்டு. மாணவனுக்கு வயது 12, வகுப்பில் 41 பேர். தயாரித்தவர்கள்: வகுப்பாசிரியர், வட்டார வள மையச் சிறப்புப் பயிற்றுநர். மாணவனின் பெயர் இந்தப் பதிவில் இடம்பெறாது.

புகார்

பாடம் நடக்கும்போது கத்துகிறான், விசில் அடிக்கிறான், பக்கத்துப் பையனைக் கிள்ளுகிறான், கேட்காமல் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறான். நான்கு ஆசிரியர்கள் தனித்தனியாகப் புகார் எழுதியுள்ளனர். ஒருவர் டி.சி. கொடுத்துவிடலாம் என்கிறார். அதற்கு வழியில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 16-இன்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது. பிரிவு 17 அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது.

பதிவு சொல்வது

10 வேலை நாட்களுக்கு ஒவ்வொரு இடையூறுக்கும் மூன்று விவரங்கள் எழுதப்பட்டன: சற்று முன் என்ன நடந்தது, மாணவன் என்ன செய்தான், உடனே என்ன கிடைத்தது. "வாலுத்தனம் செய்தான்" என்று எழுதினால் பயனில்லை. "உரைநடையைச் சத்தமாக வாசிக்கச் சொன்னதும் பேனாவை எறிந்தான், வெளியே நிறுத்தப்பட்டான்" என்பதுதான் பதிவு.

மொத்தம் 46 நிகழ்வுகள். ஆங்கிலத்தில் 19, சமூக அறிவியலில் 11, தமிழில் 8, அறிவியலில் 6, கணக்கில் 2. விளையாட்டுப் பாடவேளையில் ஒன்றுகூட இல்லை. வாசிக்கச் சொன்ன அல்லது கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்ன ஐந்து நிமிடத்துக்குள் நடந்தவை 27. ஆசிரியர் பலகைப் பக்கம் திரும்பியபோது 9, மற்ற மாணவர் சீண்டியதால் 6, காரணம் தெரியாதவை 4.

ஆசிரியரின் எதிர்வினையில்தான் விஷயம் புலப்படுகிறது. 21 முறை வகுப்புக்கு வெளியே அனுப்பப்பட்டான். அவற்றில் 17, வாசிப்பும் எழுத்தும் தொடங்கியதை ஒட்டியவை. வெளியே அனுப்பியதைத் தண்டனை என்று நாம் நினைத்தோம். அவனுக்கு அது வாசிப்பிலிருந்து விடுதலை. இடையூறு செய்தால் வாசிக்க வேண்டியதில்லை என்பதை நம் நடவடிக்கையே கற்றுக்கொடுத்துவிட்டது.

வாசிப்புச் சோதனை

மூன்றாம் வகுப்பு அளவில் 60 சொற்கள் கொண்ட தமிழ்ப் பத்தியை வாசிக்க 4 நிமிடம் எடுத்துக்கொண்டான். 17 சொற்கள் பிழை. நிமிடத்துக்குச் சரியான சொற்கள் ஏறக்குறைய 11. ண–ன, ர–ற குழம்புகின்றன. புள்ளியை விட்டுவிடுகிறான். ஒகர, ஓகாரக் குறிகளில் தடுமாற்றம். அதே அளவுள்ள வேறொரு பத்தியை நாம் வாசித்துக் காட்டி ஐந்து கேள்விகள் கேட்டபோது ஐந்துக்கும் சரியான விடை. வாய்க்கணக்கு வேகமாக வருகிறது. எழுதிக் கொடுத்த வழிக்கணக்கில் தவறுகிறான். கேட்டுப் புரிந்துகொள்வதில் குறையில்லை, எழுத்தில்தான் சிக்கல்.

பள்ளி மருத்துவக் குழுவின் சோதனையில் இரு கண்களின் பார்வையும் 6/6, செவித்திறனும் சரி. இதை முதலில் முடிக்காமல் மற்ற காரணங்களுக்குப் போகக் கூடாது.

சாத்தியமான காரணங்கள்

முதன்மையானது, ஆரம்ப வகுப்பில் விடுபட்ட வாசிப்பு. இவன் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, 2020 மார்ச்சில், பள்ளிகள் மூடப்பட்டன. தொடக்க வகுப்புகள் மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1-இல். அப்போது நான்காம் வகுப்பு. எழுத்துக்கூட்டுவது சரளமாக வேண்டிய மூன்றாம் வகுப்பு முழுவதும் வீட்டில் கழிந்தது. 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியபோது அது முதல் மூன்று வகுப்புகளுக்காக இருந்தது, இவன் ஐந்தில் இருந்தான். இந்த வயதுப் பிள்ளைகளில் இவன் ஒருவன் மட்டும் இப்படி இருப்பான் என்று நாங்கள் நினைக்கவில்லை.

இரண்டாவது, நண்பர்களின் சிரிப்பு. எழுத்துக்கூட்டத் தெரியாதவன் என்ற பெயரைவிட அடங்காதவன் என்ற பெயர் 12 வயதில் கௌரவமானது.

மூன்றாவது, தூக்கம். தந்தைக்குச் சாயப்பட்டறையில் இரவு ஷிப்ட், தாய்க்குப் பனியன் கம்பெனியில் பகல் வேலை. ஒரே அறை வீடு; நள்ளிரவுவரை செல்போன். இது எரிச்சலைக் கூட்டுகிறது, ஆனால் கணக்கில் 2, ஆங்கிலத்தில் 19 என்ற வேறுபாட்டை விளக்காது.

கவனக்குறைவு–மிகைச்செயல்பாடு என்று சிலர் கருதினர். அதற்கு அறிகுறிகள் ஒன்றுக்கு மேற்பட்ட சூழல்களில், 6 மாதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கணக்கு வகுப்பில் முழுப் பாடவேளையும் அமர்ந்திருப்பவனிடம் அது முதல் ஐயமாக எழவில்லை. எப்படியும் பள்ளி அந்த முத்திரையைக் குத்தக் கூடாது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடா, கற்பிக்கப்படாததா என்பதும் இப்போது சொல்ல முடியாது. முறையாகக் கற்பித்துப் பார்த்த பிறகே பிரித்தறியலாம்.

வகுப்பறையில் செய்ய வேண்டியவை

வெளியே அனுப்புவதை எல்லா ஆசிரியர்களும் ஒரே நாளில் நிறுத்த வேண்டும். ஒருவர் மட்டும் தொடர்ந்தால், எப்போதாவது பலிக்கும் என்று அவன் விடாமல் முயல்வான்.

முன்னறிவிப்பின்றி வாசிக்கச் சொல்லக் கூடாது. நாளை வாசிக்க வேண்டிய நான்கு வரியை இன்றே கொடுத்து, ஒருமுறை காதில் வாசித்துக் காட்டிவிட வேண்டும். பலகையில் உள்ள பத்து வரியில் மூன்றை எழுதினால் போதும், ஆனால் அந்த மூன்றை எழுதியே ஆக வேண்டும். வேலையைக் குறைக்கலாம், இல்லாமல் செய்யக் கூடாது.

இரண்டாம் வரிசையில், நடைபாதை ஓரம் இடம். முதல் பெஞ்சில் தனியாக உட்காரவைப்பது அவனை மேடையேற்றுவதாகிவிடும். ஒரு பாடவேளைக்கு இரண்டு முறை, அட்டையைக் காட்டிவிட்டு இரண்டு நிமிடம் தண்ணீர் குடித்து வரலாம். கத்திப் பெறுவதைக் கேட்டுப் பெறுவதற்காக இது.

இடையூறு நடந்தால் அருகில் போய்த் தாழ்ந்த குரலில் ஒரே ஒரு கட்டளை: "இந்த வரியை எழுது." பத்து விநாடி காத்திருப்பு. வாக்குவாதம் வேண்டாம். எழுதியதும், "மூணு வரியும் முடிச்சிட்ட" என்று செய்த வேலையைச் சொல்லிப் பாராட்ட வேண்டும்.

முதல் இரண்டு வாரம் இடையூறு கூடும். பழைய வழி பலிக்காதபோது இன்னும் பலமாக முயல்வது இயல்பு. இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலான திட்டங்கள் கைவிடப்படுகின்றன. கைவிட்டால், இன்னும் சத்தமாகக் கத்தினால் நடக்கும் என்ற பாடமே மிஞ்சும்.

வாசிப்புப் பயிற்சி

வாரம் நான்கு நாள், தலா 20 நிமிடம். விளையாட்டு நேரத்தைப் பறிக்கக் கூடாது. முதல் 5 நிமிடம் ஒரு உயிர்மெய் வரிசை, அடுத்த 5 நிமிடம் அந்த எழுத்துகளால் ஆன பத்துச் சொற்கள், மீதி 10 நிமிடம் அச்சொற்கள் வரும் சிறு பத்தி. ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை மற்ற பிள்ளைகள் முன் கையில் கொடுத்தால் மறுநாளே வரமாட்டான். வெள்ளைத் தாளில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். வெள்ளிதோறும் ஒரு நிமிட வாசிப்பு அளவீடு.

பெற்றோர்

தாய் சொன்னது: "அவங்கப்பாகிட்ட சொல்லிப்போடாதீங்க டீச்சர், போட்டு அடிச்சுப்போடுவாரு." ஆகவே புகார்ப் பட்டியல் வீட்டுக்குப் போகாது. தந்தைக்கு விடுமுறையான ஞாயிறன்று சந்திப்பு. முதலில் வாய்க்கணக்கில் அவன் திறமை, பிறகு வாசிப்புச் சோதனைத் தாள். கேட்க வேண்டியவை இரண்டே: இரவு 9.30-க்குச் செல்போன் அம்மா கையில், அடிப்பது நிறுத்தம். உடலில் காயம் தெரிந்தால் தலைமையாசிரியர் வழியாக 1098-க்குத் தெரிவிக்க வேண்டும்.

ஆறு வாரங்களுக்குப் பின்

திட்டத்தின் முதல் 10 நாளில் 51 நிகழ்வுகள், அடுத்த 10 நாளில் 29, மூன்றாவது 10 நாளில் 14. அந்த 14-இல் 7 சமூக அறிவியலில். அங்கு நீண்ட குறிப்புகளை எழுதவைப்பது இன்னும் தொடர்கிறது. வாசிப்பு நிமிடத்துக்கு 24 சரியான சொற்கள். ண–ன குழப்பம் அப்படியே இருக்கிறது.

சமூக அறிவியலில் அச்சிட்ட குறிப்புகள் அடுத்த வாரம் முதல் வழங்கப்படும். வாசிப்புப் பயிற்சி மேலும் ஆறு வாரம் தொடரும். அதன் பிறகும் 30 சொற்களைத் தாண்டாவிட்டால், கற்றல் குறைபாட்டு மதிப்பீட்டுக்காக அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரைக்கப்படுவான். உறுதியானால், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் இக்குறைபாடு இடம்பெற்றிருப்பதால், தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் கேட்டு விண்ணப்பிக்கப்படும்.