உடல்நலக் காரணத்தால் ஒரு பருவம் படிப்பை நிறுத்திவைக்க அனுமதி கோரும் விண்ணப்பம்

குட்லண்ட்ஸ்,
11 மார்ச் 2026

பெறுநர்:
புலமுதல்வர் அவர்கள்,
இந்தியவியல் புலம்,
மகாத்மா காந்தி நிறுவனம்,
மோக்கா, மொரிஷியஸ்.

வழி: தமிழ்த்துறைத் தலைவர் அவர்கள்

பொருள்: இளங்கலை தமிழ், 2ஆம் ஆண்டு, 2ஆம் பருவம் (ஜனவரி – மே 2026) – பருவ விடுப்பு வேண்டுதல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மேற்கண்ட பருவம் முழுவதற்கும் எனக்கு விடுப்பு அளித்து, வரும் ஆகஸ்டில் தொடங்கும் பருவத்தில் மீண்டும் சேர அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எனக்கு நுரையீரல் காசநோய் இருப்பது உறுதியாகியுள்ளது.

ஜனவரி நடுவிலிருந்தே இருமலும் மாலைக் காய்ச்சலும் இருந்தன. உடல் மெலிந்ததைத் தைப்பூச விரதத்தின் விளைவு என்று வீட்டில் எடுத்துக்கொண்டார்கள். விரதம் முடிந்த பின்னும் எடை குறைந்துகொண்டே போய், 56 கிலோவிலிருந்து 49 கிலோவானது. பிப்ரவரி 18 அன்று எடுத்த எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேற்பகுதியில் பாதிப்பு தெரிந்தது; சளிப் பரிசோதனை அதை உறுதிசெய்தது. பூத்ர் தோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, பிப்ரவரி 23 முதல் மருந்து உட்கொண்டு வருகிறேன். மார்ச் 9 அன்று வீடு திரும்பினேன்.

சிகிச்சை 6 மாதம். முதல் 2 மாதம் ரிஃபாம்பிசின், ஐசோநியாசிட், பைராசினமைடு, எத்தாம்பியூட்டால் ஆகிய 4 மருந்துகள். அடுத்த 4 மாதம் முதலிரண்டு மட்டும். நாள்தோறும் காலையில் சுகாதார நிலையத்துக்குப் போய், செவிலியர் முன்னிலையிலேயே மருந்தை விழுங்க வேண்டும். இடையிடையே விட்டுவிட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகும், பிறகு சிகிச்சை இன்னும் நீளும் என்பதால் இதில் மருத்துவர் விட்டுக்கொடுக்கவில்லை. இந்த மருந்துகளில் சில கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. ஒன்று பார்வையையும் பாதிக்கலாம். ஆகவே இரத்தப் பரிசோதனைக்கும் கண் பரிசோதனைக்கும் தனித்தனியே போக வேண்டியிருக்கிறது.

சில வாரம் மருத்துவ விடுப்பு எடுத்துவிட்டு வகுப்புக்குத் திரும்பினால் போதாதா என்று தாங்கள் கேட்கக்கூடும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்; கணக்குப் போட்டுப் பார்த்ததில் அது சரிவரவில்லை. ஜனவரி 19 அன்று வகுப்புகள் தொடங்கின. 15 வாரப் பருவத்தில் முதல் 3 வாரம் மட்டுமே வந்திருக்கிறேன். மருத்துவச் சான்றிதழ் ஏப்ரல் 30 வரை ஓய்வு என்கிறது. வகுப்புகள் முடிவதோ மே 1. எஞ்சிய வகுப்புகளில் ஏறக்குறைய எதற்கும் வர முடியாது. உள்மதிப்பீட்டுக்கான கட்டுரைகளில் 'சொல்லிலக்கணம்' பாடத்துக்கு ஒன்றை மட்டும் ஒப்படைத்துள்ளேன். மற்ற 4 பாடங்களில் எதுவும் இல்லை. இந்நிலையில் மே மாதத் தேர்வுக்கு என் பெயர் பட்டியலில் நின்றால், வராத 5 பாடங்களிலும் தோல்வி என்றே பதிவாகும். காசநோய் ஆறிவிடும், மதிப்பெண் பட்டியலில் விழுந்த தோல்வி ஆறாது. அதனால்தான் தேர்வுப் பட்டியல் இறுதியாவதற்கு முன்பே எழுதுகிறேன்.

பணநிலையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அரசு மருத்துவமனை என்பதால் சிகிச்சைக்குச் செலவில்லை. அரசு 2019 முதல் கொண்டுவந்த திட்டத்தால் கல்விக் கட்டணமும் இல்லை. ஆனால் மாலை நேரத்தில் 8 பிள்ளைகளுக்குத் தமிழ் டியூஷன் எடுத்து மாதம் சுமார் 7,000 ரூபாய் ஈட்டி வந்தேன். மடிக்கணினித் தவணை 2,100 ரூபாயையும், புத்தகம், நகல் செலவையும் அதிலிருந்தே கட்டினேன். டியூஷன் நின்றுவிட்டது. தையல் ஆலையில் வேலை செய்யும் அம்மா, என்னைப் பார்த்துக்கொள்ள மார்ச் மாதம் முழுவதும் சம்பளமில்லா விடுப்பில் இருக்கிறார். இதற்காக நிதியுதவி எதுவும் கேட்கவில்லை. ஆனால் இந்த இடைவெளி 'பருவத்தைத் திரும்பப் படிப்பது' என்று பதிவாகி, அதனால் கட்டண விலக்கு போய்விட்டால் தொடர்ந்து படிக்க வழியில்லை. ஆகவே 'அனுமதிக்கப்பட்ட விடுப்பு' என்ற சொற்களிலேயே ஆணை அமைய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

திரும்பி வருவது பற்றி. 2ஆம் பருவப் பாடங்கள் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடத்தப்படுகின்றன. விட்டுப்போன பாடங்களுக்காக 2027 ஜனவரி வரை காத்திருந்தால், ஒரு பருவ விடுப்பு ஓராண்டு விடுப்பாகிவிடும். எனவே 2026 ஆகஸ்டில் 3ஆம் ஆண்டு முதல் பருவத்தில் சேர்ந்து, முன்தேர்ச்சி தேவைப்படாத பாடங்களை மட்டும் படிக்க விரும்புகிறேன். 'இலக்கணம்: யாப்பும் அணியும்' பாடத்துக்குச் சொல்லிலக்கணம் முன்தேவை என்பதால் அதை எடுக்க மாட்டேன். விட்ட 5 பாடங்களை 2027 ஜனவரியில் 2ஆம் ஆண்டு மாணவர்களுடன் சேர்ந்து படிப்பேன். 3ஆம் ஆண்டின் 2ஆம் பருவப் பாடங்களும் ஆய்வேடும் அதற்கடுத்த ஆண்டுக்குப் போகும். இரண்டு ஆண்டுக்கான பாடங்களை ஒரே பருவத்தில் திணித்துக்கொள்ள எனக்கு உடம்பும் இடம் தராது, நேர அட்டவணையும் இடம் தராது. துறைத் தலைவர் இதைவிட நல்ல வரிசை ஒன்று சொன்னால் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன்.

மருந்து ஆகஸ்டு 23 அளவில் முடியும். சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று உறுதியான பின், மருத்துவரின் தகுதிச் சான்றிதழோடுதான் வகுப்புக்குள் வருவேன். அது ஜூலை இறுதிக்குள் கிடைக்காவிட்டால் உடனே எழுத்து மூலம் தெரிவிப்பேன்.

தாமதிக்கக் கூடாத இன்னொன்று: முதல் 3 வாரமும் இருமலோடுதான் வகுப்பில் இருந்தேன். ஒரே அறையில் நீண்ட நேரம் என்னுடன் இருந்தவர்களைப் பரிசோதிக்கச் சுகாதாரத் துறையினர் பட்டியல் கேட்பார்கள். 2ஆம் ஆண்டு வகுப்பினர், 5 பாட ஆசிரியர்கள், நூலகக் குழு விவாதத்தில் இருந்த 4 பேர் ஆகியோர் அதில் இடம்பெற வேண்டும். என் பெயரைக் குறிப்பிடாமல் இதைச் செய்ய இயலும் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். நோயின் பெயர், இந்த விடுப்பை முடிவுசெய்ய வேண்டியவர்களைத் தாண்டிப் போகாதபடி பார்த்துக்கொள்ளுமாறும் வேண்டுகிறேன்.

ஆகவே தாங்கள்,

2026 ஜனவரி – மே பருவத்துக்கு விடுப்பு அளித்து, 5 பாடங்களிலிருந்தும் மே மாதத் தேர்விலிருந்தும் தோல்விப் பதிவின்றி என் பெயரை நீக்கவும்;

ஆகஸ்டு 2026இல் மேற்சொன்னவாறு சேர அனுமதிக்கவும், இந்தப் பருவம் பட்டப்படிப்பின் உச்சகால வரம்பில் சேருமா என்பதை ஆணையிலேயே குறிப்பிடவும்;

ஒப்படைத்த இலக்கணக் கட்டுரையின் மதிப்பெண்ணை 2027க்கு எடுத்துச் செல்லலாமா, புதிதாக எழுத வேண்டுமா என்று தெரிவிக்கவும்

வேண்டுகிறேன். நூலகத்தின் 3 புத்தகங்களைத் தம்பி இந்த வாரம் திருப்பித் தருவான். விடுப்புக் காலத்தில் மாணவர் அட்டையை ஒப்படைக்க வேண்டுமென்றால் அவனிடமே கொடுத்தனுப்புகிறேன். கையொப்பத்துக்கு நான் நேரில் வர இயலாது, அம்மா வருவார். பதிவேட்டில் உள்ள என் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் மாறவில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாலினி சின்னாப்பென்
மாணவர் எண் 2410736

இணைப்பு: மருத்துவச் சான்றிதழ், மருத்துவமனையிலிருந்து விடுவித்த சீட்டின் நகல் (இரண்டும் மூடிய உறையில், புலமுதல்வர் பார்வைக்கு மட்டும்), முதல் 3 பருவ மதிப்பெண் பட்டியல், அம்மாவின் சம்பளமில்லா விடுப்புக் கடிதம், அம்மாவுக்கு நான் அளிக்கும் கையொப்ப அதிகாரக் கடிதம்.