நாட்டு நலப்பணித் திட்ட முகாம் நிறைவு நாள் நன்றியுரை

எல்லாருக்கும் வணக்கம். ஊர்ப் பெரியவர்களுக்கும், கல்லூரியிலிருந்து வந்திருக்கும் முதல்வர் அய்யாவுக்கும், திட்ட அலுவலர்கள் இரண்டு பேருக்கும், மகளிர் குழு அக்காமார்களுக்கும் வணக்கம். முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கிற ஐம்பது கல்லூரிப் பிள்ளைகளுக்கு, இந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியராகவும் இந்த ஊர்க்காரியாகவும் வணக்கம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமை நீங்கள் வேனில் வந்து இறங்கியபோது ஊரில் பெரிய எதிர்பார்ப்பு எதுவும் இல்லை. பல வருஷத்துக்கு முன்னால் இங்கே ஒரு முகாம் நடந்தது. ரோட்டோரம் மரக்கன்று நட்டார்கள், போட்டோ எடுத்தார்கள், போய்விட்டார்கள். தண்ணீர் ஊற்ற யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. அந்தக் கோடையிலேயே எல்லாம் கருகிப் போனது. அதனால்தான் “ஏழு நாள் இருந்துட்டுப் போயிருவாங்க” என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அந்த நினைப்பு இருந்தது. அதை மறைத்துவிட்டு உங்களுக்கு நன்றி சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அந்த நினைப்பு மாறியது சனிக்கிழமை சாயங்காலம். கை கழுவும் தொட்டிக்கு நீங்கள் மூன்று வரிசை செங்கல் வைத்திருந்தீர்கள். கொத்தனார் அண்ணன் வந்து தூக்குக்குண்டைப் பிடித்துப் பார்த்தார். சுவர் அரை அங்குலம் வெளியே சாய்ந்திருந்தது. “பிரிச்சிருங்க” என்றார். கை எல்லாம் சிமெண்டு அரித்து, உள்ளங்கை கொப்பளித்துப் போயிருந்த நேரம் அது. யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொரு கல்லாக எடுத்து, ஒட்டியிருந்த கலவையைச் சுரண்டி, திரும்ப அண்டாவில் ஊறப்போட்டீர்கள். “ஏண்ணே ஊறப்போடணும்?” என்று ஒரு தங்கச்சி கேட்டாள். “காஞ்ச கல்லு கலவையில இருக்க தண்ணிய உறிஞ்சிரும், பிடிமானம் இருக்காதும்மா” என்றார் அவர். அவள் உடனே நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டாள். முப்பது வருஷமாகக் கட்டட வேலை பார்க்கிற மனுஷன் சொன்னதை ஒரு கல்லூரிப் பிள்ளை நோட்டில் எழுதினதை அவர் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார். மறுநாளிலிருந்து அவர் கூலி வாங்கவில்லை. அண்ணே, உங்களுக்கும் இந்த மேடையிலேயே நன்றி.

எழுபது பிள்ளைகளுக்கு ஒரே ஒரு குழாய் இருந்த பள்ளிக்கூடத்தில் இன்றைக்கு ஆறு குழாய் இருக்கிறது. கழுவிய தண்ணீர் வாசலில் தேங்காமல் இருக்கப் பக்கத்திலேயே உறிஞ்சுகுழி வெட்டி, அடியில் பெரிய கல், அதற்கு மேல் ஜல்லி, மேலே மணல் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். மழைக்காலத்துக் கொசுவை நினைத்தால், அந்தக் குழிதான் தொட்டியைவிடப் பெரிய உதவி என்பேன்.

ஊருணி வேலையை இளவட்டங்கள் சொல்லட்டும், அவர்கள்தான் கூட நின்றார்கள். நான் ஒன்று மட்டும் சொல்கிறேன். கரையில் இருந்த சீமைக்கருவேலத்தை மேலோடு வெட்டிப் போட்டிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். அடுத்த மழைக்கு மறுபடி தழைத்து வந்திருக்கும். நீங்கள் தூரோடு தோண்டி எடுத்தீர்கள். ஒரு தூருக்கு நாலு பேர், அரை நாள். முள் குத்தி ஒரு தம்பிக்குக் கால் வீங்கி, நர்ஸம்மா வந்து ஊசி போட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் அந்தத் தம்பி ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, பொறுக்கி வந்த பிளாஸ்டிக்கைத் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தான். நாலாம் நாள்தான் நம்ம ஊர்ப் பையன்கள் அவரவர் வீட்டு மம்பட்டியோடு வந்து நின்றார்கள். அவர்களை யாரும் கூப்பிடவில்லை.

படிப்பு சொல்லிக் கொடுத்ததைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பேசுகிறேன், அது என் வேலை என்பதால். மூன்றாம் வகுப்பில் ஒரு பையனுக்குக் கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு இந்த வருஷம் முழுக்க வரவேயில்லை. நானும் பல தடவை கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். உங்களில் ஒருத்தர் ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக நூலால் கட்டி அவன் கையில் கொடுத்தார். நாலு கட்டு, இரண்டு குச்சி. “இதுலேருந்து பதினேழு எனக்குக் கொடு.” அவன் ஏழு குச்சிக்குத் தேடினான், இரண்டுதான் இருந்தது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் தானாகவே ஒரு கட்டை எடுத்து நூலை அவிழ்த்தான். “இருபத்தஞ்சு மிச்சம் டீச்சர்!” என்று என்னிடம் ஓடி வந்தான். அவன் யோசிக்கிற வரைக்கும் பதிலைச் சொல்லிவிடாமல் காத்திருந்தீர்களே தம்பி, அந்தப் பொறுமைக்கு என் நன்றி.

நானும் ஒரு காலத்தில் தொண்டராக இருந்தவள். 1991-ல் நம்ம புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயசு. ராத்திரியில் லாந்தர் விளக்கு வைத்துக்கொண்டு பெரியவர்களுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தோம். பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் பழகினதும் அப்போதுதான். நானும் அப்படிப் பழகினவள்தான். அன்றைக்கு எங்கள் வகுப்புக்கு வராமல் போன ஒரு அப்பத்தா இந்த ஊரில் உண்டு. “எனக்கெதுக்குத்தா இதெல்லாம்” என்று என்னைத் திருப்பி அனுப்பினவர். நூறு நாள் வேலையிலும் பேங்கிலும் இத்தனை வருஷம் கைநாட்டுதான். அவர் வீட்டுத் திண்ணையில் உங்கள் தங்கச்சி ஒருத்தி தினமும் சாயங்காலம் போய் உட்கார்ந்தாள். முதல் இரண்டு நாள் சாக்பீஸை வெளியே எடுக்கவே இல்லையாம், கதை கேட்டுக்கொண்டு, முறத்தில் புளி ஆய்ந்து கொடுத்திருக்கிறாள். மூன்றாம் நாள் அப்பத்தாவே “எம் பேரு எப்படித்தா இருக்கும், எழுதிக் காட்டு” என்று கேட்டிருக்கிறார். நேற்று என் முன்னால் அவர் தன் பெயரைத் தானே எழுதினார். கடைசி ‘ள்’ மேல் புள்ளி வைக்கும்போது கை நடுங்கியது, ஆனால் புள்ளி சரியான இடத்தில் விழுந்தது. நான் முப்பது வருஷத்துக்கு மேலாக விட்டுவைத்திருந்த வேலை அது. அம்மா, நீ முடித்துக் கொடுத்தாய்.

காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-ல் தொடங்கியது உங்கள் நாட்டு நலப்பணித் திட்டம். வருஷத்துக்கு 120 மணி நேரம் சேவை, ஒரு முகாமுக்கு ஏழு நாள் என்று கணக்கு இருப்பது எனக்குத் தெரியும். ராத்திரி ஒன்பதரை மணிக்கு மேல் சமுதாயக்கூடத்து வெளிச்சத்தில் மறுநாள் பாடத்துக்கு அட்டை வெட்டிக்கொண்டிருந்தீர்களே, அந்த நேரம் எந்தக் கணக்கிலும் வராது.

இனிமேல் எங்கள் பங்கு. தொட்டியின் பூச்சு இன்னும் ஈரமாகவே இருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் காலையும் மாலையும் சாக்கை நனைப்பதாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஊருணிக் கரையில் முளை தெரிந்தால் பிடுங்குவதற்கு மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை இளவட்டங்கள் கூடுவார்கள். சாயங்கால வகுப்பை நானும் சத்துணவு அமைப்பாளர் அக்காவும் நடத்துவோம். ஈர்க்குச்சிக் கட்டுகளைப் பத்திரமாக அலமாரியில் வைத்திருக்கிறேன். மழை முடிந்து தை மாதம் ஊருணி நிறைந்திருக்கும்போது ஒரு நாள் வந்து பாருங்கள்.

ஏழு நாளும் சமைத்துப் போட்ட மகளிர் குழு அக்காமார்களுக்கும், கூடத்தைத் திறந்து கொடுத்த பெரியவர்களுக்கும், பிள்ளைகளை நம்பி அனுப்பிவைத்த பெற்றோர்களுக்கும் நன்றி. வேன் ஐந்து மணிக்குக் கிளம்புகிறது. புளியோதரைப் பொட்டலம் கட்டி வாசலில் வைத்திருக்கிறார்கள், ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், அந்தத் தங்கச்சி மட்டும் போகிற வழியில் அப்பத்தா வீட்டுக்கு ஒரு எட்டு போய்விட்டு வா அம்மா. திண்ணையில் காத்துக்கொண்டிருக்கிறார்.