சங்கத் தலைவர் தேர்தல்: முடிவை உறுதிசெய்யும் அறிவிப்பு

சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

9.2.2025 ஞாயிற்றுக்கிழமை நடந்த நமது வணிகர் சங்கத் தலைவர் தேர்தலில், தராசு சின்னத்தில் போட்டியிட்டவர் 625 வாக்குகள் பெற்று, 10 வாக்கு வித்தியாசத்தில் வெற்றி பெற்றார். குடை சின்னத்தில் நின்றவருக்கு 615 வாக்குகள் கிடைத்தன.

வித்தியாசம் 4 என்றும் வாக்குப்பதிவு 80 சதவீதம் என்றும் அன்று இரவே வாட்ஸ்அப்பில் சுற்றிய செய்தி தவறு. அதை அனுப்பியவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நான் கையெழுத்திடும் முன்பே அனுப்பியதில்தான் வருத்தம்.

சரிபார்த்த கணக்கு இது:

| சாவடி | வாக்காளர் | பதிவானவை | தராசு | குடை | செல்லாதவை |
|---|---|---|---|---|---|
| 1. சங்கக் கட்டடம் | 420 | 357 | 181 | 168 | 8 |
| 2. அரிசி மண்டி | 385 | 311 | 142 | 163 | 6 |
| 3. ஜவுளிக்கடைத் தெரு | 446 | 372 | 190 | 171 | 11 |
| 4. பேருந்து நிலையம் | 299 | 230 | 112 | 113 | 5 |
| மொத்தம் | 1,550 | 1,270 | 625 | 615 | 30 |

குழப்பம் 3-ஆம் சாவடியில் வந்தது. குடைக்கு 171 என்று எழுதியிருந்த தாளில் கடைசி ஒன்றின் தலையில் பேனா சற்று இழுத்துவிட்டது. மேசையில் இருந்தவர் அதை 177 என்று படித்தார். ஆனால் 190, 177, 11 மூன்றையும் கூட்டினால் 378 வருகிறது. அந்தச் சாவடிப் பதிவேட்டில் கையெழுத்துகளோ 372தான். வாக்குப் போட வந்தவர்களைவிடப் பெட்டியில் சீட்டு அதிகம் இருக்க வழியில்லை. எனவே இரு தரப்பு முகவர்கள் முன்னிலையில் கட்டுகளைப் பிரித்து மீண்டும் எண்ணினோம். குடைக்கு ஐம்பது ஐம்பதாக மூன்று கட்டு, உதிரி 21. ஆக 171. தராசுக்கு மூன்று கட்டு, உதிரி 40.

80 சதவீதம் வந்த வழி வேறு. செல்லுபடியான 1,240 வாக்குகளை மட்டும் எடுத்து 1,550-ஆல் வகுத்திருக்கிறார்கள். தவறாக முத்திரை குத்தியவரும் வரிசையில் நின்று வாக்களித்தவர்தானே! பதிவான 1,270-ஐத்தான் வகுக்க வேண்டும், அப்போது 81.94 சதவீதம். இன்னொருவர் நான்கு சாவடிகளின் சதவீதங்களைக் கூட்டி நான்கால் வகுத்து 81.53 என்றார். சாவடிக்குச் சாவடி வாக்காளர் எண்ணிக்கை வேறு என்பதால் அந்தக் கணக்கு இங்கே செல்லாது.

அச்சடித்த சீட்டுகள் 1,600. பெட்டியில் இருந்தவை 1,270, பயன்படுத்தாதவை 329. மீதி ஒன்று? அரிசி மண்டியில் ஓர் உறுப்பினர் சீட்டில் மையைக் கொட்டிவிட்டு வேறு சீட்டு வாங்கினார். கெட்ட சீட்டு தனி உறையில் இருக்கிறது.

வெற்றி வித்தியாசத்தைவிடச் செல்லாத வாக்குகள் அதிகமாக இருந்ததால் அந்த 30 சீட்டுகளையும் ஒவ்வொன்றாக மறுபடி பார்த்தோம். 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரம் தொகுதியில் வித்தியாசம் 49 வாக்குகள். நிராகரித்த தபால் வாக்குகளைப் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. நமக்கு அந்த வேலை வேண்டாம்.

இரு சின்னத்திலும் முத்திரை குத்தியவை 14, முத்திரையே இல்லாதவை 9, பெயரோ கையெழுத்தோ போட்டவை 4, இரு சின்னங்களுக்கும் நடுக்கோட்டில் விழுந்தவை 3. (மடித்தபோது மை எதிர்ப்பக்கம் ஒட்டிய சீட்டுகளை முதல் எண்ணிக்கையிலேயே செல்லும் என்று ஏற்றுக்கொண்டோம், அதில் யாரும் மறுப்புச் சொல்லவில்லை.) நடுக்கோட்டுச் சீட்டுகள் மூன்றும் தமக்கே சேரும் என்று குடை தரப்பு முகவர் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தார். முத்திரை எந்தப் பக்கம் என்று தெளிவாகாததால் அவற்றை ஏற்க இயலவில்லை. அந்த மூன்றையும் குடைக்கே கொடுத்தாலும் வித்தியாசம் 7 ஆகும், வெற்றி மாறாது. ஆட்சேபக் கடிதம் கோப்பில் இருக்கிறது.

பதிவேடுகள், சீட்டுக் கட்டுகள், சாவடிக் கணக்குத் தாள்கள் எல்லாம் இரு தரப்பு முகவர்களின் கையெழுத்தோடு அரக்கு முத்திரையிட்டு சங்க அலுவலக இரும்புப் பீரோவில் வைக்கப்பட்டுள்ளன. ஒரு சாவி என்னிடம், மற்றொன்று பொருளாளரிடம். மறு எண்ணிக்கை கோருவோர் 16.2.2025 மாலை 5 மணிக்குள், எந்தச் சாவடி, எந்த எண் என்று குறிப்பிட்டு எழுதிக் கொடுக்கலாம். “மொத்தமாகவே சந்தேகம்” என்று மட்டும் எழுதினால் ஏற்கப்படாது. மனு எதுவும் வராவிட்டால் 17-ஆம் தேதி காலை 11 மணிக்கு வெற்றிச் சான்றிதழ் வழங்கப்படும்.

தேர்தல் அலுவலர்
11.2.2025